புதிய அறங்காவலர்களை அறிவிப்பது எப்படி: பிரித்தானியாவில் சங்கச் செயலாளராக வந்திருப்பவர்களுக்கு

வருடாந்தப் பொதுக்கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே யாராவது வாக்குக் கணக்குத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு செயலாளர் எழுதும் அறிவிப்பை எவரும் ஒழுங்காக வாசிப்பதில்லை. தோற்ற வேட்பாளருக்குத் தன் முடிவு மச்சானின் தொலைபேசியில் தெரிய வருகிறது. அடுத்த இரண்டு வருடத்துக்கு அவர் சங்கப் பக்கம் வருவதில்லை. எத்தனையோ சங்கங்கள் இப்படித்தான் நல்ல ஆட்களை இழந்திருக்கின்றன. தேர்தல் ஒழுங்காகத்தான் நடந்திருக்கும், முடிவைச் சொன்ன விதம்தான் பிழைத்திருக்கும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சி.ஐ.ஓ. என்ற சரிட்டி அமைப்பு வடிவில் பதிவான ஒரு சங்கத்தை வைத்தே இதை எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்தும் சங்கங்கள் பலவற்றுக்கும் சிறிய கோயில்கள் சிலவற்றுக்கும் இது பொருந்தும். சரிட்டிகளைப் பதிவுசெய்து மேற்பார்வை செய்யும் சரிட்டி கமிஷன் தரும் மாதிரி யாப்பில் இரண்டு வகை உண்டு. அறங்காவலர்களைத் தவிர வேறு அங்கத்தவர்களும் இருந்து அவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் வகையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் யாப்பு வேறு மாதிரி இருந்தால் அதில் உள்ளதே செல்லும். ஆகவே முதல் வேலை யாப்பை எடுத்துத் தேர்தல் பகுதியைப் பென்சிலோடு வாசிப்பது.

அறங்காவலர் யார், பொறுப்பாளர் யார்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் இது. நம் சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர், உப தலைவர், போஷகர், ஆலோசகர் என்று ஒரே தாளில் இருபது பெயர் போடுவது வழக்கம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2011ஆம் ஆண்டின் சரிட்டிச் சட்டம், 177ஆம் பிரிவு, சரிட்டியின் நிர்வாகத்தைப் பொதுவாகக் கட்டுப்படுத்தி நடத்துபவர்கள்தான் அறங்காவலர்கள் என்கிறது. அவர்களை என்ன பெயரில் அழைக்கிறோம் என்பது அதற்கு முக்கியமில்லை. சட்டப் பொறுப்பும் அவர்களுடையதே.

மாதிரி யாப்பின்படி பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர்கள் தெரிவு செய்வது அறங்காவலர்களை மட்டும்தான். தலைமை தாங்குபவரை அறங்காவலர்கள் தங்களுக்குள் நியமிக்கிறார்கள். பொருளாளரையும் செயலாளரையும் அங்கத்தவர்கள் நேரடியாகத் தெரிவு செய்வது உங்கள் யாப்பில் எழுதியிருந்தால் மட்டுமே நடக்கும். எழுதியிராவிட்டால், பொதுக்கூட்ட மாலையில் நீங்கள் அறிவிக்கக்கூடியது அறங்காவலர்களின் பெயர்கள் மட்டுமே. பொறுப்புகளுக்கு இரண்டாவது அறிவிப்பு ஒன்று வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

போஷகர், ஆலோசகர் போன்ற கௌரவப் பெயர்களை அறங்காவலர் பட்டியலின் கீழ் ஒட்டாதீர்கள். பார்ப்பவர்கள் அவர்களையும் அறங்காவலர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். பிறகொரு நாள் வங்கியோ நிதி தரும் நிறுவனமோ உங்கள் அறிவிப்பையும் சரிட்டி கமிஷனின் பதிவேட்டையும் ஒப்பிடும்போது இரண்டும் ஒத்துவராது.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டுக்கு 9 அறங்காவலர்கள் உள்ள ஒரு சங்கம் என்று வைத்துக்கொள்வோம். மாதிரி யாப்பின்படி முதல் பொதுக்கூட்டத்தில் எல்லோரும் விலக வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கினர் விலக வேண்டும். ஆகவே இந்த முறை 3 இடம். விலகும் மூவரில் ஒருவர் மீண்டும் போட்டியிடவில்லை. மற்ற இருவரும் போட்டியிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் பல வருடம் பொருளாளராக இருந்தவர். புதிதாக மூவர் வருகிறார்கள். மொத்தம் 5 வேட்பாளர்கள், ஒருவர் 3 பேருக்கு வரை வாக்களிக்கலாம்.

பெட்டியில் 84 வாக்குத் தாள்கள். ஒன்றில் நான்கு பெயருக்கு அடையாளம், இன்னொன்று வெறுந்தாள். செல்லுபடியானவை 82. வேட்பாளர்களுக்கு 61, 55, 43, 41, 29 என்று விழுந்திருக்கிறது. கூட்டினால் 229. ஒரு தாளுக்கு 3 வீதம் ஆகக்கூடியது 246 வாக்குகள் இருக்கலாம், 229 அதற்குள் அடங்குகிறது. எல்லோரும் மூன்று பெயருக்கும் போடுவதில்லை, ஆகவே 17 குறைவதில் அதிசயமில்லை. கூட்டுத்தொகை 246ஐத் தாண்டினால் எங்கேயோ ஒரு கட்டை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைப் பெரும்பாலானோர் செய்வதேயில்லை.

மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் இடையில் 2 வாக்கு வித்தியாசம். நான்காவதாக வந்தவர்தான் அந்தப் பழைய பொருளாளர். இங்கே யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் தேர்தல் அதிகாரி தானாகவே திரும்ப எண்ண வேண்டும், வேட்பாளர்கள் அல்லது அவர்கள் சொல்லும் ஆட்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நிராகரித்த இரண்டு தாள்களையும் அவர்களுக்குக் காட்டுங்கள். வாக்குகள் சமமாக வந்தால் என்ன செய்வது என்பது யாப்பில் இருக்கும். மாதிரி யாப்பு கூட்டத் தலைவருக்குத் தீர்மானிக்கும் வாக்கு ஒன்றைத் தருகிறது. அந்தத் தலைவரே வேட்பாளராக இருந்தால் சங்கடம்தான், ஆகையால் வேட்பாளர் அல்லாத ஒருவரைத் தேர்தல் நேரத்துக்குத் தலைமை தாங்க வைப்பது நல்லது. நீங்களே வேட்பாளர் என்றால் வாக்கெண்ணும் மேசைப் பக்கம் போகாதீர்கள், அறிவிப்பிலும் உங்கள் கையெழுத்து வேண்டாம்.

எண்ணி முடித்த தாள்களைக் கட்டி, உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் இருவர் கையெழுத்திடட்டும். யாப்பிலோ தேர்தல் விதியிலோ முறைப்பாட்டுக்கு ஒரு காலம் கொடுத்திருந்தால் அது முடியும்வரை உறையைத் திறக்கக் கூடாது.

வென்றவர் பதவியை ஏற்றாரா?

வாக்கு விழுந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. பதவியை ஏற்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லும்வரை ஒருவர் அறங்காவலராகச் செயற்பட முடியாது என்று மாதிரி யாப்பு சொல்கிறது. அதை எந்த விதத்தில் சொல்வது என்பதை அறங்காவலர்கள் தீர்மானிக்கலாம். நான் ஒரு பக்கத் தாள் ஒன்றைத்தான் விரும்புவேன். அதில் இரண்டு விஷயம் இருந்தால் போதும்: பதவியை ஏற்கிறேன், சட்டப்படி எனக்குத் தடை எதுவும் இல்லை. தடைகள் சரிட்டிச் சட்டத்தின் 178ஆம் பிரிவில் உள்ளன. நேர்மையின்மை சார்ந்த குற்றத் தீர்ப்பு இன்னும் காலாவதியாகாமல் இருப்பது, கடனிறுக்க முடியாதவர் என்ற தீர்ப்பிலிருந்து இன்னும் விடுபடாமல் இருப்பது, கம்பனி இயக்குநராக இருக்கத் தடைசெய்யப்பட்டிருப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 2018 ஆகஸ்ட் 1 முதல் பட்டியல் இன்னும் நீண்டது. வயதையும் பாருங்கள்: சி.ஐ.ஓ.வில் 16 வயது நிரம்பியவர் அறங்காவலராகலாம், ஆனால் 18 வயதுக்கு மேற்பட்டவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

இந்தத் தாளை வேட்புமனுவோடு சேர்த்தே வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். தேர்தலுக்குப் பிறகு கேட்டு, வென்றவர் தயங்கினால், நீங்கள் ஏற்கெனவே அறிவித்த பெயரைத் திரும்பப் பெற வேண்டி வரும். அதைவிடச் சங்கடமான அறிவிப்பு எதுவும் கிடையாது.

முதலில் தோற்றவருக்கு

மண்டபத்துக்குச் சொல்வதற்கு முன் ஐந்து வேட்பாளர்களையும் ஒரு பக்க அறைக்குக் கூப்பிடுங்கள். தேநீர் வைக்கும் அறை போதும். தேர்தல் அதிகாரி எண்களை வாசிக்கட்டும், கேள்வி இருந்தால் அங்கேயே கேட்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. வெளியே வரும்போது தோற்றவருக்கு முகத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைத்திருக்கும்.

கூட்டத்துக்கு வராத வேட்பாளர் என்றால் தொலைபேசிதான், குறுஞ்செய்தி கூடாது. பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணை, முடிவு சொல்லத்தான் எடுத்தனான். இந்த முறை உங்களுக்குக் கிடைக்கேல்லை. மூண்டாவது ஆளுக்கும் உங்களுக்கும் ரெண்டு வாக்குத்தான் வித்தியாசம். திரும்பவும் எண்ணினவை, அதே கணக்குத்தான் வந்தது."

"சரி தம்பி. ஆர் ஆர் வந்திருக்கினம்?"

பெயர்களைச் சொல்லுங்கள். பிறகு அறிவிப்பு எத்தனை மணிக்குப் போகும், அதில் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசித்துக் காட்டுங்கள். "பரவாயில்லை அண்ணை, அடுத்த முறை பாப்பம்" என்று ஆறுதல் சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் கேட்காத ஆறுதல் அவருக்குச் சுமை. அதேபோல, "உங்களை எப்படியும் உள்ளுக்கு எடுப்பம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வெற்றிடம் ஏற்பட்டால் மற்ற அறங்காவலர்கள் ஒருவரை நியமிக்க மாதிரி யாப்பு இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் எண்ணிக்கையின் உச்சவரம்பு நிரம்பியிருந்தால் இடமே இல்லை. இடம் இருந்தாலும், அங்கத்தவர்கள் வாக்களித்து விலக்கிய ஒருவரை அடுத்த வாரமே பின்கதவால் கொண்டுவந்தால் வாக்களித்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

அறிவிப்பை எழுதுவது

அறிவிப்பில் எதை எந்த வரிசையில் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது மரியாதையாகவும் இருக்கும், மனக்கசப்பாகவும் இருக்கும். எங்கே, எந்தத் திகதியில் தெரிவு நடந்தது, எத்தனை இடத்துக்கு எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்பது முதலில். அடுத்து வென்றவர்கள், தொடர்பவர்கள், போட்டியிட்டுத் தெரிவாகாதவர்கள், விலகிச் செல்பவர்கள். கடைசியாக அடுத்து என்ன நடக்கும் என்பது. நம் எடுத்துக்காட்டுக்கு நான் எழுதினால் இப்படி வரும்:

"எமது சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் (திகதி) அன்று நடைபெற்றது. வெற்றிடமான 3 அறங்காவலர் பதவிகளுக்கு 5 அங்கத்தவர்கள் போட்டியிட்டனர். 84 பேர் வாக்களித்தனர், 82 வாக்குத் தாள்கள் செல்லுபடியாயின. மூன்றாம், நான்காம் இடங்களுக்கு இடையில் வித்தியாசம் குறைவாக இருந்ததால் தேர்தல் அதிகாரி வாக்குகளை இரண்டாம் முறையும் எண்ணி முடிவை உறுதிசெய்தார்.

தெரிவு செய்யப்பட்டவர்கள் (அகர வரிசையில்): (மூன்று பெயர்கள்). இவர்கள் பதவியை ஏற்பதாக எழுத்தில் உறுதிசெய்துள்ளனர். ஏற்கெனவே பதவியில் உள்ள (ஆறு பெயர்கள்) தொடர்கின்றனர்.

(பெயர்), (பெயர்) ஆகிய இருவரும் இத்தேர்தலில் போட்டியிட்டனர். பள்ளியின் கட்டண முறை பற்றியும் மூத்த மாணவர் வகுப்புகள் பற்றியும் அவர்கள் கூட்டத்தில் முன்வைத்த கருத்துகள் கூட்டக் குறிப்பில் பதிவாகியுள்ளன. போட்டியிட முன்வந்தமைக்கு இருவருக்கும் நன்றி.

(பெயர்) பல ஆண்டுகள் பொருளாளராகப் பணியாற்றி இக்கூட்டத்தோடு அறங்காவலர் பதவியிலிருந்து விலகுகிறார். (பெயர்) மீண்டும் போட்டியிடாமல் விலகுகிறார். இருவரின் சேவைக்கும் சங்கம் நன்றி கூறுகிறது.

தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்புகள் (திகதி) நடைபெறும் அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டு அறிவிக்கப்படும்."

பழைய பொருளாளரின் பெயர் இரண்டு இடத்தில் வருவதைக் கவனித்தீர்களா? வேட்பாளராக ஒரு முறை, விலகிச் செல்பவராக ஒரு முறை. இரண்டையும் ஒரு வாக்கியத்தில் கலந்து "தேர்தலில் வெற்றிபெறாத எமது முன்னாள் பொருளாளருக்கு நன்றி" என்று எழுதினால் அத்தனை வருட உழைப்பும் ஒரு தோல்விக்குள் சுருங்கிவிடும்.

தோற்றவர்கள் பற்றிய பந்தியில் ஒரு உண்மையான விவரம் இருக்க வேண்டும். அவர்கள் என்ன சொன்னார்கள், எதைக் கேட்டார்கள் என்று ஒரு வரி போதும். "அவர்களின் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறோம்" என்ற மாதிரியான வாழ்த்துமடல் நடை வேண்டாம், படிப்பவர்களுக்கு அது அனுதாபமாகவே தெரியும். "அவர்கள் தொடர்ந்து சங்கத்தோடு பயணிப்பார்கள் என நம்புகிறோம்" என்பதும் அவர்களைக் கேட்காமல் அவர்கள் பெயரில் கொடுக்கும் வாக்குறுதி. வென்றவர்களுக்கு "வெற்றிவாகை சூடிய" என்று போட்டால், அடுத்த பந்தியில் என்ன எழுதினாலும் எடுபடாது. போட்டி நடந்த தேர்தலை "ஏகமனதாக" என்று எழுதுவதும் நடக்கிறது, பழைய அறிவிப்பை அப்படியே நகலெடுப்பதால் வருகிற வினை. ஐந்து பேர் போட்டியிட்டதை மண்டபமே பார்த்திருக்கிறது.

ஒவ்வொருவரும் பெற்ற வாக்குகளை அறிவிப்பில் போடலாமா என்று எப்போதும் கேட்பார்கள். எண்கள் கூட்டத்தில் வாசிக்கப்பட்டுக் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும், வெளியே சுற்றும் அறிவிப்பில் வேண்டியதில்லை என்பது என் கருத்து. கடைசியாக வந்தவரின் 29, பள்ளி வாசலில் பெற்றோர் பேச்சுக்குத் தீனியாவதைத் தவிர வேறெதற்கும் பயன்படாது. அங்கத்தவர் எவராவது கேட்டால் கூட்டக் குறிப்பைக் காட்டலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. எல்லா இடங்களின் காலமும் ஒன்றாக இல்லாமல், அதிக வாக்குப் பெற்றவருக்கு நீண்ட காலம் என்று உங்கள் யாப்பு வைத்திருந்தால், எண்களைக் காட்டாமல் முடிவை விளக்க முடியாது. எதுவானாலும் வேட்புமனுக் கோரும்போதே சொல்லிவிடுங்கள். எண்ணிய பிறகு தீர்மானித்தால் யாருக்கோ சாதகம் செய்ததாகத்தான் தெரியும்.

பதவிக் காலத்துக்கு ஆண்டு போடுவதிலும் அவதானம் தேவை. சுழற்சி முறையில் மூன்றில் ஒரு பங்கினர் விலகுவதால் 9 பேர் உள்ள சங்கத்தில் ஒருவர் ஏறத்தாழ 3 வருடம் இருப்பார். ஆனால் நடுவில் ஒருவர் விலகினாலோ எண்ணிக்கை மாறினாலோ முறை மாறும். "யாப்பின்படி சுழற்சியில் விலகும்வரை" என்று எழுதினால் போதும்.

வீட்டு முகவரி, சொந்தத் தொலைபேசி எண், பிறந்த திகதி எதுவும் அறிவிப்பில் வரக் கூடாது. சங்க மின்னஞ்சல் ஒன்று போதும். படம் போடுவதாக இருந்தால் வென்றவர்களின் தனிப்படங்களைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் எடுத்த குழுப்படத்தில் தோற்றவர் ஓரத்தில் நிற்பார், அவரை வெட்டினாலும் கதைப்பார்கள், விட்டாலும் கதைப்பார்கள்.

பொறுப்புகள்: இரண்டாவது அறிவிப்பு

அறங்காவலர்களின் முதல் கூட்டத்தைப் பொதுக்கூட்டம் முடிந்த அன்றே, முடியாவிட்டால் அந்த வாரத்துக்குள், கூட்டிவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது: பொருளாளராக இருந்தவர் இனி அறங்காவலர் இல்லை, ஆனால் வங்கியில் அவர் கையெழுத்து இன்னும் செல்லும். புதியவர் வரும்வரை கையொப்ப அதிகாரமுள்ள மற்ற அறங்காவலர்கள் இருவர் கொடுப்பனவுகளைப் பார்த்துக்கொள்வதாகக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். பழைய பொருளாளர் கணக்குப் புத்தகங்களையும் இணைய வங்கிக் கருவியையும் ஒப்படைக்க ஒரு திகதியும் குறியுங்கள். அது அவர் மேல் சந்தேகமாகத் தோன்றாமலிருக்க, ஒப்படைக்கும் பட்டியலை அவரோடு சேர்ந்து தயாரித்து இரு தரப்பும் கையெழுத்திடுவது வழி. நேர்மையான பொருளாளருக்கு அந்தத் தாள்தான் பாதுகாப்பு.

இரண்டாவது அறிவிப்பில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் வந்தபின் உபகுழுக்களைத் தனியாகப் போடுங்கள். பள்ளி, விழா, நிதி திரட்டல் என்று எதுவாக இருந்தாலும் ஒவ்வோர் உபகுழுவிலும் குறைந்தது ஒரு அறங்காவலர் இருக்க வேண்டும் என்கிறது மாதிரி யாப்பு. மற்றவர்கள் வெளியிலிருந்தும் வரலாம், பெயருக்குப் பக்கத்தில் அறங்காவலர் யார் என்பதைக் குறித்துவிடுங்கள். தோற்றவர்களுக்கு இங்கே உண்மையாகவே இடம் உண்டு. மூத்த மாணவர் வகுப்பு பற்றிப் பேசிய அந்த வேட்பாளரைப் பள்ளி உபகுழுவுக்குக் கேட்கலாம். ஆனால் தலைவர் நேரில் கேட்க வேண்டும், ஒரு வாரமாவது போக வேண்டும், அவர் ஓம் என்று சொன்ன பிறகே பெயர் அறிவிப்பில் வர வேண்டும். சிறுவர்களோடு வேலை செய்யும் பொறுப்பென்றால் குற்றப் பின்னணியைப் பார்க்கும் டி.பி.எஸ். சரிபார்ப்பு முடியும்வரை பெயரைப் போடாதீர்கள்.

பதிவேடுகள்

சங்கம் தானே வைத்திருக்க வேண்டிய அறங்காவலர் பதிவேட்டில் முதலில் மாற்றுங்கள். அடுத்தது சரிட்டி கமிஷனின் இணையக் கணக்கு. புதியவர்களைச் சேர்க்கும்போதே விலகியவர்களை நீக்க வேண்டும், நீக்க மறப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பொதுவெளிப் பதிவேட்டில் அறங்காவலர் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும், இதைப் புதியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உங்கள் சங்கம் சி.ஐ.ஓ. அல்லாமல் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாக இருந்தால் கம்பனீஸ் ஹவுஸுக்கு 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். 2025 நவம்பர் 18 முதல் புதிய இயக்குநர்கள், அதாவது உங்கள் புதிய அறங்காவலர்கள், தங்கள் அடையாளத்தை அங்கே உறுதிப்படுத்தவும் வேண்டும், ஆகவே அந்த 14 நாளில் சில நாட்கள் அதற்கே போய்விடும்.

புதிய அறங்காவலர் ஒவ்வொருவருக்கும் யாப்பின் பிரதியையும் கடைசி ஆண்டறிக்கை, கணக்கறிக்கைகளையும் கொடுங்கள், இதுவும் மாதிரி யாப்பில் உள்ளதுதான். அறிவிப்பில் பிழை ஏதும் கண்டால் பழையதைச் சத்தமில்லாமல் மாற்றாமல் "திருத்தம்" என்று தலைப்பிட்டு, எது மாறியது என்று ஒரு வரியில் சொல்லி மறுபடி அனுப்புங்கள். பெயரின் எழுத்துப்பிழை தோற்ற வேட்பாளருடையதாக இருந்தாலும் இதே விதிதான்.